எந்த நாளில் எடுத்த ரத்தம்?

2021 ஜூன் 28. கேரளத்தின் தென்கோடியில், நம் களியக்காவிளைக்கு மறுபக்கம் இருக்கும் பாறசாலையைச் சேர்ந்த 24 வயதுக் கர்ப்பிணி ஒருவர் காய்ச்சல், தலைவலி, உடம்பில் சிவந்த தடிப்புகள் என்று மருத்துவமனைக்குப் போனார். பேறுகாலம் நெருங்கியிருந்த நேரம். ஜூலை 7ஆம் தேதி அவருக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. மறுநாள் புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்திலிருந்து முடிவு வந்தது: அவருக்கு வந்தது ஜிகா. கேரளத்தில் உறுதிசெய்யப்பட்ட முதல் ஜிகா நோயாளி அவர்தான்.

அவர் வெளிநாடு போனவரல்ல, வெளிமாநிலம்கூடப் போகவில்லை. ஒரு வாரம் முன்பு அவருடைய அம்மாவுக்கும் இதே போன்ற தொந்தரவு இருந்திருக்கிறது. இந்த இரண்டு தகவலையும் சேர்த்துப் பார்த்தாலே, வைரஸ் அந்தப் பகுதிக் கொசுக்களில் முன்பே குடியேறிவிட்டது என்பது புரிந்துவிடும். அப்படித்தான் ஆயிற்று. தேடத் தொடங்கியதும் திருவனந்தபுரம் வட்டாரத்தில் அடுத்த சில வாரங்களில் சுமார் 70 பேருக்கு ஜிகா இருப்பது தெரியவந்தது. அவர்களில் மேலும் சில கர்ப்பிணிகளும் இருந்தார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 2017இலேயே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருவருக்கு ஜிகா உறுதியாகியிருந்தது. அதற்கும் முன்பாக அகமதாபாத்தில் மூன்று பேர், 2018இல் ஜெய்ப்பூரிலும் மத்தியப் பிரதேசத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர், 2021இன் கடைசியில் கான்பூர், 2024இல் புனே. வந்து போகிறது, பல நேரங்களில் நாம் கவனிக்காமலேயே.

பாறசாலைப் பெண்ணின் விஷயத்தில் நான் முக்கியமாக நினைப்பது நோய் வந்ததை அல்ல, அது கண்டுபிடிக்கப்பட்டதை. தடிப்பு இருந்த நாட்களிலேயே மாதிரி எடுக்கப்பட்டு, ஜிகாவாக இருக்குமோ என்று ஒருவர் சந்தேகப்பட்டு, அதற்கான ஆய்வகத்துக்கு அது போய்ச் சேர்ந்ததால்தான் விடை கிடைத்தது. அதே பெண்ணின் ரத்தத்தை இரண்டு மாதம் கழித்து எடுத்திருந்தால் உலகின் மிகச் சிறந்த ஆய்வகம்கூட ‘ஜிகாவாக இருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம்’ என்றே எழுதிக் கொடுத்திருக்கும். ஏன் அப்படி என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் அந்த வைரஸையும் கொசுவையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

1947இல் உகாண்டாவின் ஜிகா காட்டில், மஞ்சள் காய்ச்சலை ஆராய வந்தவர்கள் மரத்தின் மேல் கூண்டில் வைத்திருந்த ஒரு ரீசஸ் குரங்குக்குக் காய்ச்சல் கண்டது. அதன் ரத்தத்தில் பிரித்தெடுத்த வைரஸுக்குக் காட்டின் பெயரே வைக்கப்பட்டது. மறு ஆண்டு அதே காட்டின் ஏடிஸ் கொசுக்களிலும் அது கிடைத்தது. பிறகு அறுபது ஆண்டுகள் மருத்துவ உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2007இல் பசிபிக் பெருங்கடலின் யாப் தீவில் பரவியபோதுதான் அதன் வேகம் தெரிந்தது. தீவில் மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களில் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேருக்குத் தொற்றியிருந்ததாகக் கணக்கிட்டார்கள். அப்போதும் யாரும் பயப்படவில்லை. லேசான காய்ச்சல், அரிப்புள்ள தடிப்பு, சிவந்த கண், விரல் மூட்டுகளில் வலி. நாலைந்து நாளில் எழுந்து நடமாடிவிடுகிறார்கள். தொற்றியவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு அந்த அளவுக்குக்கூட எதுவும் தெரிவதில்லை.

கொசு நமக்குப் பழக்கமானதுதான். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் கொண்டுவரும் அதே ஏடிஸ் எஜிப்டை. கறுப்பு உடம்பு, காலில் வெள்ளைப் பட்டைகள், பகலில் கடிக்கும். சாக்கடை அதற்கு வேண்டாம். சிமென்ட் தொட்டி, மூடாத டிரம், பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மொட்டை மாடியில் கிடக்கும் டயர் என்று நல்ல தண்ணீர் தேங்கிய இடத்தில் முட்டையிடும். பாறசாலையிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர் தோட்டங்கள் உண்டு. பால் வடிக்கும் சிரட்டைகளில் மழைநீர் நின்றால், தோட்டங்களை விரும்பும் அதன் உறவான ஏடிஸ் அல்போபிக்டஸ் அங்கே பெருகும். ஒரு தடவை வயிறு நிறைவதற்குள் பலரைக் கடித்துவிடும் பழக்கம் எஜிப்டைக்கு உண்டு. ஒரே வீட்டில் அம்மாவும் மகளும் அடுத்தடுத்து விழுவது அதனால்தான் வியப்பில்லை. தொற்றுள்ளவரைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பிவிடாது. வைரஸ் அதன் குடலில் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். கடிபட்ட மனிதருக்கு அறிகுறி தெரிய 3 முதல் 14 நாள் ஆகும்.

கருவில் நடப்பது

ஜிகாவைப் பார்த்து உலகம் நடுங்கியது 2015இல், பிரேசிலின் வடகிழக்கில். ரெசிஃபி நகரத்துக் குழந்தை நரம்பியல் மருத்துவர்கள், தலை மிகச் சிறுத்துப் பிறந்த குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாக அடுத்தடுத்து வருவதைக் கவனித்தார்கள். தாய்மார்களை விசாரித்தால் பலரும் கர்ப்பத்தின் தொடக்கத்தில் தடிப்பும் காய்ச்சலும் வந்ததாகச் சொன்னார்கள். பக்கத்து மாநிலமான பராயிபாவின் காம்பினா கிராண்டி ஊரில் அத்ரியானா மெலோ என்ற மகப்பேறு மருத்துவர், ஸ்கேனில் குறைபாடு தெரிந்த இரண்டு கர்ப்பிணிகளின் பனிக்குட நீரை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். இரண்டிலும் ஜிகா வைரஸின் மரபுப்பொருள் இருந்தது. 2016 பிப்ரவரி 1 அன்று உலக சுகாதார நிறுவனம் இதைச் சர்வதேச அவசரநிலையாக அறிவித்தது.

நஞ்சுக்கொடி என்பது கருவுக்கு நல்ல காவல். பெரும்பாலான கிருமிகளை அது உள்ளே விடுவதில்லை. ஜிகாவோ அந்தக் காவலில் இருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களுக்குள்ளேயே புகுந்து பெருகிக்கொண்டு கருவின் ரத்தத்தை அடைந்துவிடுகிறது. அங்கிருந்து அது போகும் இடம், மூளையை உருவாக்கிக்கொண்டிருக்கும் நரம்பு மூல அணுக்கள். பின்னால் கோடிக்கணக்கான நரம்பணுக்களாகப் பிரிய வேண்டியவை அவை. அவை அழிந்தால் மூளை வளராது. வளர்ந்த பகுதியும் சுருங்கும். உள்ளே தாங்கிப் பிடிக்க மூளை இல்லாததால் மண்டையோடு மடங்கிப் போகிறது. சில பிள்ளைகளின் தலைத்தோல் மடிப்பு மடிப்பாகத் தெரிவது அதனால்தான். தோல் முழுத் தலைக்கு ஏற்ற அளவில் வளர்ந்துவிட்டது, தலை வளரவில்லை.

சிறிய தலை ஒன்றுதான் இந்த நோயின் அடையாளம் என்று நினைத்துவிடக் கூடாது. மூளையில் சுண்ணாம்புப் படிவுகள், விழித்திரையில் தழும்பு, பிறக்கும்போதே மடங்கி இறுகிய மூட்டுகள், தசை விறைப்பு எல்லாம் சேர்ந்ததைத்தான் பிறவி ஜிகா நோய்க்குறி என்கிறார்கள். தலை சரியான அளவில் இருந்தும் கண்ணில் கோளாறோடு பிறந்த குழந்தைகள் உண்டு.

எத்தனை பேருக்கு இப்படி ஆகும்? இதில் பயத்தையும் நிதானத்தையும் ஒரேசேர வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. போர்ட்டோ ரிக்கோ முதலான அமெரிக்க ஆட்சிப் பகுதிகளில் தொற்று உறுதியான கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, சுமார் 5 விழுக்காட்டினரின் கருவிலோ குழந்தையிலோ ஜிகா சார்ந்த குறைபாடு இருந்தது. முதல் மூன்று மாதத்தில் தொற்றியவர்களில் அது 8 விழுக்காடு, நடு மூன்று மாதத்தில் 5, கடைசி மூன்று மாதத்தில் 4. அதாவது தொற்றிய தாய்மார்களில் மிகப் பெரும்பாலோரின் குழந்தைகள் குறையின்றிப் பிறந்தார்கள். அதே நேரம், கர்ப்பத்தின் எந்தக் கட்டமும் முழுப் பாதுகாப்பானது இல்லை. தாய்க்குத் தடிப்பும் காய்ச்சலும் வந்ததா இல்லையா என்பதும் குழந்தையின் ஆபத்தைக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. எனக்கு அந்த ஆய்வில் உறுத்துவது இந்தக் கடைசித் தகவல்தான். அறிகுறியே இல்லாமல் வந்துபோன தொற்றும் அதே அளவு கெடுதல் செய்யும் என்றால், அறிகுறியை வைத்துத் தேடும் நம் முறையில் பலர் நழுவிப்போவார்கள். அகமதாபாத்தில் கண்டுபிடிக்கப்பட்ட மூவரில் இருவர் பெண்கள். ஒருவர் பிரசவம் முடிந்தபின் வந்த லேசான காய்ச்சலால் மாட்டினார். மற்றவர் வழக்கமான கர்ப்பகாலப் பரிசோதனையில் எடுத்த ரத்தத்தால். இந்த மூன்று பேரின் விவரமும் 2017 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பிறகே பொதுமக்களுக்குத் தெரிந்தது. அரசு மாதக்கணக்கில் அதைத் தனக்குள் வைத்திருந்தது சரி என்று எனக்குத் தோன்றவில்லை. கர்ப்பமாக இருக்கும் ஒரு பெண், தன் ஊரில் என்ன சுற்றுகிறது என்று தெரிந்தால்தானே பகலிலும் கொசுவலைக்குள் படுப்பாள்?

ஐந்தாம் நாளும் ஐம்பதாம் நாளும்

தடிப்பு தோன்றிய நாளை முதல் நாளாக வைத்துக்கொள்வோம். வைரஸ் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கிறது; இன்னும் ஐந்து, ஏழு நாட்கள் இருக்கும். சிறுநீரில் கூடுதலாகத் தங்கும், பெரும்பாலும் இரண்டு வாரம் வரை. அதனால் ஜிகாவைச் சந்தேகிக்கும் மருத்துவர் ரத்தத்தோடு சிறுநீரையும் சேர்த்து வாங்க வேண்டும். ரத்தம் மட்டும் எடுத்து, அது எட்டாம் நாளாகவும் இருந்து, ‘இல்லை’ என்று முடிவு வந்தால் அந்த ‘இல்லை’க்கு மதிப்புக் குறைவு. கர்ப்பிணிகளில் சிலருக்கு மட்டும் ரத்தத்தில் வைரஸின் தடயம் வாரக்கணக்கில் நீடிப்பதைக் கண்டிருக்கிறார்கள். கருவிலும் நஞ்சுக்கொடியிலும் பெருகும் வைரஸ் தாயின் ரத்தத்துக்குத் திரும்பி வருவதாக இருக்கலாம் என்பது ஊகம்.

மாதிரியோடு போகும் படிவம் பலருக்கு வெறும் காகிதம். ஆய்வகத்தாருக்கு அது பாதி விடை. அறிகுறி தொடங்கிய தேதி, மாதிரி எடுத்த தேதி, எத்தனையாவது வாரக் கர்ப்பம், முன்பு டெங்கு வந்ததுண்டா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டதுண்டா என்பதெல்லாம் நிரப்பப்படாமல் வந்தால், என்ன சோதனை செய்வது என்பதையே முடிவுசெய்ய முடியாது. குழாயிலும் கவனம் வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கலந்த குழாயில் எடுத்தால் அந்த ஹெப்பாரினே பிசிஆரைக் கெடுத்துவிடும். சீரத்தைப் பிரித்து, 2 முதல் 8 டிகிரி குளிரில், மூன்றடுக்குப் பொதியில் அனுப்ப வேண்டும். அனுப்பத் தாமதமாகும் என்றால் உறையவைக்க வேண்டும். ஜிகாவின் மரபுப்பொருள் ஆர்என்ஏ. அறை வெப்பத்தில் அது எளிதில் சிதையும். வெயிலில் நின்ற ஜீப்பில் நான்கு மணி நேரம் கிடந்த சிறுநீர் மாதிரி, வைரஸ் இருந்தும் ‘இல்லை’ என்று சொல்லிவிடக்கூடும்.

ஆர்டி-பிசிஆர் என்ற பெயரைக் கொரோனா நமக்கு மனப்பாடமாக்கிவிட்டது. இங்கேயும் அதேதான். முதலில் ஒரு சிறு துளி சீரத்திலிருந்து, அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஏழில் ஒரு பங்கு அளவிலிருந்து, ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்கிறார்கள். ஒரு நொதி அதை டிஎன்ஏவாகப் படியெடுக்கிறது. பிறகு கருவி அதைச் சூடாக்கியும் ஆற்றியும் சுழற்ற, ஒவ்வொரு சுழற்சியிலும் ஜிகாவுக்கே உரிய ஒரு துண்டு இரட்டிப்பாகிறது. போதிய அளவு பெருகியதும் ஒளி தெரிகிறது. எத்தனையாவது சுழற்சியில் ஒளி எல்லையைத் தாண்டியது என்பதே சிடி மதிப்பு. 22இல் தாண்டினால் வைரஸ் ஏராளம். 36, 37இல் தாண்டினால் மிகச் சொற்பம். அங்கேதான் தலைவலி தொடங்குகிறது. பரவலாகப் பயன்பட்ட ஒரு கிட்டில் 38க்குள் வந்தால்தான் ‘உண்டு’ என்று கொள்வார்கள்.

விளிம்பில் வரும் முடிவை நல்ல ஆய்வகம் அப்படியே அனுப்பிவிடாது. பக்கத்துக் குழாயிலிருந்த வலுவான மாதிரியின் ஒரு கண்ணுக்குத் தெரியாத திவலை விழுந்திருந்தாலும் 37 வரும். அதைப் பிடிக்க, ஒவ்வொரு ஓட்டத்திலும் வெறும் நீர் மட்டும் உள்ள ஒரு குழாய் வைப்பார்கள். அதில் ஒளி தெரிந்தால் அன்றைய ஓட்டம் முழுவதும் குப்பை. மனித மரபணு ஒன்றைத் தேடும் சோதனையும் கூடவே ஓடும். அது தெரியவில்லை என்றால் ஆர்என்ஏவைப் பிரித்த வேலையே சரியாக நடக்கவில்லை என்று அர்த்தம். ‘ஜிகா இல்லை’ என்று எழுத முடியாது. ஒரே ஒரு மாதிரியில் மட்டும் ‘உண்டு’ என்று வந்தால், அதே மாதிரியிலிருந்து புதிதாக ஆர்என்ஏ எடுத்து மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். கர்ப்பிணி ஒருவரின் விஷயத்தில் இந்த மறுசோதனையைத் தவிர்ப்பது எனக்குப் பெரிய குற்றமாகவே படும். அந்தக் காகிதத்தை வைத்து ஒரு குடும்பம் என்ன முடிவெடுக்கும் என்று சொல்ல முடியாது.

பாறசாலை முடிவு வந்தவுடன் புனேயிலிருந்து கேரளத்துக்கு 2100 சோதனைக் கிட்டுகள் அனுப்பப்பட்டன. திருவனந்தபுரம், திருச்சூர், கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிகளிலும் ஆலப்புழையில் உள்ள வைராலஜி நிறுவனக் கிளையிலும் சோதனை தொடங்கியது. அவற்றில் ஒரு வகை, ஒரே குழாயில் டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றையும் தேடக்கூடியது. மூன்றும் ஒரே கொசு, ஒரே பருவம், ஏறத்தாழ ஒரே காய்ச்சல் என்பதால் இதுதான் புத்திசாலித்தனமான வழி. அதே ஜூலை மாதக் கடைசியில் மகாராஷ்டிரத்தின் புனே மாவட்டத்துப் பெல்சர் கிராமத்தில் கண்டறியப்பட்ட பெண்ணுக்கு ஜிகாவும் சிக்குன்குனியாவும் சேர்ந்தே இருந்தன.

இதுவரை சொன்னது முதல் இரண்டு வாரத்தின் கதை. ஐம்பதாம் நாள் வந்தால் கதையே வேறு.

வைரஸ் போய்விட்டது, அதை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிரணுக்கள் மட்டும் இருக்கின்றன. ஐஜிஎம் என்ற முதல் வகை எதிரணு, அறிகுறிக்குப் பின் நான்காம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் தோன்றி, பொதுவாகப் பன்னிரண்டு வாரம் வரை, சிலருக்கு அதற்கும் வெகுநாள் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் எலைசா சோதனை மலிவானது, எளியது. ஆனால் டெங்குவும் ஜிகாவும் ஒரே குடும்பத்து வைரஸ்கள். அவற்றின் வெளியுறைப் புரதங்கள் அண்ணன் தம்பி முகங்களைப் போல ஒத்திருக்கும். டெங்குவுக்காக உண்டான எதிரணு ஜிகா சோதனையிலும் ஒட்டிக்கொள்கிறது. டெங்கு இல்லாத ஐரோப்பிய நகரத்தில், பிரேசில் போய்வந்த ஒருவரிடம் இந்தச் சோதனை ஓரளவு உதவும். சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ, வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் தெரிந்தோ தெரியாமலோ ஒருமுறையாவது டெங்குவைக் கடந்து வந்தவர்கள்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு பழைய, பொறுமையான சோதனை உண்டு: பிளேக் குறைப்பு நடுநிலையாக்கச் சோதனை. ஆய்வகத்தார் அதை பிஆர்என்டி என்பார்கள். நோயாளியின் சீரத்தைப் பத்து மடங்கு, இருபது மடங்கு, நாற்பது மடங்கு என்று இரட்டித்துக்கொண்டே நீர்க்கச் செய்வார்கள். ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை தெரிந்த அளவு உயிருள்ள வைரஸைக் கலந்து, குரங்கின் சிறுநீரக அணுக்களை வளர்த்து வைத்த தட்டில் ஊற்றுவார்கள். மேலே கூழ் போன்ற ஒரு படலம் இட்டுச் சில நாள் விட்டால், வைரஸ் அணுக்களைக் கொன்ற இடமெல்லாம் வெற்றுப் புள்ளியாகத் தெரியும். அதைத்தான் பிளேக் என்கிறோம். சீரத்தில் அந்த வைரஸைச் செயலிழக்கச் செய்யும் எதிரணு இருந்தால் புள்ளிகள் குறையும். 100 புள்ளி வரவேண்டிய இடத்தில் 10 அல்லது அதற்கும் குறைவாக வருகிற கடைசி நீர்ப்பு எது என்பதே முடிவு. இதையே ஜிகா வைரஸோடு ஒருமுறையும் டெங்கு வைரஸ்களோடு தனித்தனியாகவும் செய்து இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

இரண்டு பெண்களைக் கற்பனை செய்துகொள்வோம். இருவருக்கும் ஜிகா ஐஜிஎம் ‘உண்டு’ என்று வந்திருக்கிறது. முதல் பெண்ணின் சீரம் ஜிகாவை 640 மடங்கு நீர்ப்பிலும் அடக்குகிறது. டெங்குவைப் பத்து மடங்கில்கூட அடக்கவில்லை. இவருக்கு வந்தது ஜிகாதான், அதில் சந்தேகமில்லை. இரண்டாம் பெண்ணின் சீரம் ஜிகாவை 640இலும் டெங்குவை 320இலும் அடக்குகிறது. இரண்டுக்கும் இடையே நான்கு மடங்கு வித்தியாசமாவது இருந்தால்தான் பெரியதைக் குற்றவாளி என்று சொல்ல வழக்கம். இங்கே இரண்டே மடங்கு. முன்பு டெங்கு வந்து இப்போது ஜிகா வந்திருக்கலாம். முன்பு ஜிகா வந்து இப்போது டெங்கு வந்திருக்கலாம். உடலின் நோயெதிர்ப்பு முதலில் சந்தித்த வைரஸை மறக்காது; புதியது வந்தாலும் பழையதற்கான எதிரணுவையும் வாரி இறைக்கும். ஆகவே அறிக்கையில் ‘இந்தக் குடும்பத்து வைரஸ் ஒன்றின் தொற்று, எது என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை’ என்றே வரும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இன்னும் கறார். டெங்குவுக்குப் பத்து மடங்கிலேயே விடை வந்துவிட்டால், ஜிகா எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றே கொள்கிறது. ஒரு வாரம் உழைத்து, உயிருள்ள வைரஸைக் கையாளும் பாதுகாப்பு ஆய்வகத்தில் செய்த சோதனையின் முடிவு இது. நம் நாட்டுப் பெண்களில் இரண்டாம் பெண்ணைப் போன்றவர்களே அதிகம்.

சரி, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஐஜிஎம் சோதனை செய்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறிகுறி எதுவும் இல்லாத 1000 பெண்கள், அவர்களில் உண்மையில் தொற்றியவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சோதனை நூற்றுக்கு ஐந்து பேரிடம் தவறாக ‘உண்டு’ என்று சொல்லும் என்றால் 50 பேர் காரணமின்றிக் கலங்குவார்கள். அந்த ஒருவர் இவர்களுக்குள் தொலைந்துபோவார். நோய் உறுதியான இடத்தைச் சுற்றியுள்ள கர்ப்பிணிகளைப் பிசிஆரில் தேடுவது வேறு விஷயம். 2024 ஜூலையில் புனேயில் நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டபோது மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரை அந்த வழியில்தான் இருந்தது: பாதித்த பகுதிக் கர்ப்பிணிகளைப் பரிசோதியுங்கள், தொற்று உறுதியானவர்களின் கரு வளர்ச்சியைத் தொடர்ந்து பாருங்கள்.

தாய்க்கு உறுதியாகிவிட்டால், அடுத்த கேள்வி குழந்தையைப் பற்றியது. அதற்கு ரத்தச் சோதனையில் விடை இல்லை. தாயின் ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருந்தது என்பதை வைத்துக் குழந்தையின் நிலையைக் கணிக்க முடியாது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து தலைச் சுற்றளவு, மூளையின் அறைகள், சுண்ணாம்புப் படிவு ஆகியவற்றைப் பார்ப்பதே நடைமுறை. 20ஆம் வாரத்தில் எல்லாம் சரி என்று வந்த ஸ்கேனை நம்பி நிறுத்திவிடக் கூடாது. தலை வளர்ச்சி பின்தங்குவது பல நேரம் 28ஆம் வாரத்துக்குப் பிறகே புலப்படும். பனிக்குட நீரைக் குத்தி எடுத்துப் பிசிஆர் செய்யலாம்தான். ஆனால் வைரஸ் வந்துபோனபின் எடுத்தால் அங்கும் ‘இல்லை’ என்று வரும். இருந்தாலும்கூடக் குழந்தைக்குக் குறை உண்டு என்று அது நிரூபிப்பதில்லை. ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால் மட்டுமே பல மருத்துவர்கள் அதைப் பற்றி யோசிப்பார்கள்.

இந்த நோய்க்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் கூடாது. டெங்குவாக இருந்தால் அவை ரத்தக்கசிவைக் கூட்டும். பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஜிகா உடலுறவு வழியாகவும் பரவும். விந்தில் அது மாதக்கணக்கில் தங்கக்கூடியது. நோய் நடமாடும் ஊருக்குக் கணவர் போய்வந்திருந்தால், மனைவி கர்ப்பமாக இருக்கும் வரை ஆணுறை அவசியம். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள், கணவர் திரும்பி வந்து மூன்று மாதமாவது காத்திருக்க வேண்டும். இதை வெளிப்படையாகப் பேசும் மருத்துவர்கள் நம்மிடையே குறைவு.

குழந்தை பிறந்தவுடன் முதல் இரண்டு நாளுக்குள் அதன் ரத்தமும் சிறுநீரும் பிசிஆருக்கும், சீரம் ஐஜிஎம்முக்கும் போக வேண்டும். தொப்புள்கொடி ரத்தத்தில் தாயின் ரத்தம் கலந்துவிட வாய்ப்புண்டு என்பதால் குழந்தையிடமிருந்தே எடுப்பது நல்லது. தாயின் ஐஜிஎம் நஞ்சுக்கொடியைத் தாண்டாது. எனவே குழந்தையின் ரத்தத்தில் அது இருந்தால் குழந்தையே உண்டாக்கியது. அதே காரணத்தால், பிறந்து பல வாரம் கழித்துச் சோதித்தால் பிறவித் தொற்றா, பிறகு கொசு கடித்து வந்ததா என்று சொல்ல முடியாமல் போகும். சந்தேகத்துக்கு இடமிருந்தால் நஞ்சுக்கொடியின் ஒரு துண்டையும் எடுத்து வைப்பார்கள். முடிவு ‘இல்லை’ என்று வந்தாலும் தாய்க்கு உறுதியாகியிருந்தால் குழந்தையைக் கோப்பிலிருந்து நீக்குவதில்லை. பிறந்த நாளிலிருந்து தலைச் சுற்றளவை ஒவ்வொரு வருகையிலும் நாடாவால் அளந்து வளர்ச்சிக் கோட்டில் குறிக்க வேண்டும். விழித்திரையையும் காதுகேட்கும் திறனையும் பார்க்க வேண்டும். தலை தூக்குகிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா, உட்காருகிறதா என்பதை உரிய மாதத்தில் கவனிக்க வேண்டும். பிறக்கும்போது சரியான அளவிலிருந்த தலை, ஐந்தாறு மாதத்துக்குப் பின் வளர்ச்சி குன்றத் தொடங்கிய குழந்தைகளைப் பிரேசிலில் பதிவு செய்திருக்கிறார்கள்.